வசவுக்கு ஒரு பதில்

கீரமங்கலம் பூச்சந்தையில் காலை நேரத்தில் சற்று நின்றால் இப்படி ஒரு பேச்சு காதில் விழாமல் போகாது.

“எடுபட்ட மனுசா, சாக்க நனச்சுப் போடுன்னு விடியறதுக்கு முன்னாடியே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல. பூவு பூராவும் வெதும்பிப்போச்சு.”

“நனச்சுத்தான் போட்டேன், கூறுகெட்டவளே. சாக்குச் சூட்டுல வெதும்பல. ஒன் நாக்குச் சூட்டுல வெதும்பிருச்சு.”

“ஆமா, நாக்கு. இந்த நாக்கு மட்டும் இல்லேன்னா பூவோட சேத்து ஒன்னையும் எட போட்டு வித்துருப்பாய்ங்க.”

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். பூ தராசில் ஏறும். கமிஷன்காரர் சீட்டு எழுதிக் கொடுப்பார். வைதவளும் வசவு வாங்கியவரும் ஒரே வண்டியில் ஊர் திரும்புவார்கள். உள்ளூர்க்காரர் ஒருவரிடம் ‘என்ன சண்டை?’ என்று கேட்டால், ‘சண்டையா? எங்க?’ என்பார். அவருக்கு உண்மையிலேயே சண்டை எதுவும் கேட்டிருக்காது.

வேலை மாற்றலாகி வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அது கேட்கும். புதுக்கோட்டைக்கு வந்த புதிதில் அவர்கள் சொல்லும் தீர்ப்பு பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கிறது. கணவன் பேச்சு மட்டும் காதில் விழுந்தால், ‘பாவம், அந்தம்மா இந்த ஆளோடு எப்படித்தான் காலம் தள்ளுதோ’ என்பார்கள். மனைவி பேச்சு மட்டும் விழுந்தால், ‘அந்தப் பொம்பளைக்கு என்ன வாய்!’ என்பார்கள். ஒரே உரையாடலின் இரண்டு பாதிகள்தான் இவை. இரண்டையும் சேர்த்துக் கேட்கப் பொறுமை இருந்தால் இரண்டு தீர்ப்புமே நிற்காது. அந்தப் பொறுமையைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். அது இல்லாததால் அன்பைக் கொடுமை என்று எண்ணிவிடுகிறோம். அதைவிட மோசமாக, கொடுமையை அன்பு என்றும் எண்ணிவிடுகிறோம்.

முதலில், இந்த வசவு ஏன் தேவைப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமங்களில் இன்று எழுபது வயதைத் தாண்டிய பெண்களில் பலர் கணவன் பெயரை வாயால் சொன்னதே இல்லை. சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்பது நம்பிக்கை. ரேஷன் கார்டுக்கோ வாக்காளர் பட்டியலுக்கோ பெயர் கேட்டு வருகிறவரிடம், ‘மலைமேல மயிலோட நிக்கிற சாமி பேரு’ என்று விடுகதை போடுவார்கள். இல்லையென்றால் பக்கத்தில் நிற்கும் பேரனைச் சொல்லச் சொல்வார்கள். கணவனும் நாலு பேர் முன்னால் மனைவியைப் பெயர் சொல்லி அழைக்கக் கூச்சப்பட்ட காலம் அது. ‘இந்தா’, ‘ஏ புள்ள’, ‘இங்கேருங்க’ என்று பெயரில்லாமல் கூப்பிட்டுக்கொண்டே ஐம்பது ஆண்டு வாழ்ந்துவிட்டார்கள். ‘கண்ணே’, ‘செல்லமே’ எல்லாம் பாட்டிலும் சினிமாவிலும் இருந்தன. வீட்டுத் திண்ணையில் மாமியாரும் நாத்தனாரும் உட்கார்ந்திருக்கும்போது அதைச் சொல்லிவிட முடியாது. மற்றவர்கள் காதில் விழுந்தாலும் வெட்கப்பட வேண்டாத ஒரு விளி வேண்டியிருந்தது. ‘கிறுக்கு மனுசா’ என்பதை யார் முன்னாலும் சொல்லலாம். மாமியாருக்குக்கூட அதில் ஒரு திருப்தி உண்டு. மகன் மருமகள் பின்னால் போய்விடவில்லை என்று நினைத்துக்கொள்வாள். அவள் கணக்குத் தப்பு என்பது அந்த இருவருக்கும் மட்டுமே தெரியும்.

இன்னொரு காரணம் கண்ணேறு. உயிரோடு தங்க வேண்டும் என்று ஏங்கிப் பெற்ற பிள்ளைக்குத்தான் நம் ஊர்களில் ‘குப்பை’ என்றும் ‘பிச்சை’ என்றும் பெயர் வைத்தார்கள். முன்னால் பிறந்தவை தவறிப்போன வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்துக் குப்பம்மா என்று கூப்பிட்டார்கள். எமனும் ஊர்க்கண்ணும் மதிக்காத பொருளாக அது தோன்ற வேண்டும் என்பதே எண்ணம். அமெரிக்க மானிடவியலாளர் மார்கரெட் டிராவிக் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு வாழ்ந்து அதன் அன்பைப் பற்றி எழுதிய புத்தகம் 1990-ல் வந்தது. அன்பு எந்தெந்த வடிவில் வெளிப்படுகிறது என்று அவர் பிரித்துச் சொல்கிற இடத்தில் அடக்கமும் பழக்கமும் வருகின்றன. அவற்றோடு கொடுமையும் வருகிறது. வெளியிலிருந்து வந்தவர் அவ்வளவு கவனித்திருக்கிறார். பிள்ளைக்குச் செய்ததைத்தான் பெண்கள் புருஷனுக்கும் செய்தார்கள். தன் மனிதன் நல்லவன், உழைப்பாளி, தன்னைத் தாங்குகிறவன் என்று வாய்க்காலில் துவைக்கிற இடத்தில் ஒருத்தி சொல்லிவிட்டால், அன்று மாலையே வீட்டுக்கு வந்து உப்பு மிளகாய் சுற்றிப் போட வேண்டியிருக்கும். ‘எங்க வீட்டு மொடாக் கழுத இருக்கே, காசக் கையில வச்சா மூணு நாள்ல கரச்சிரும்’ என்று சொல்லிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

வசவுகளின் பொருளையே எடுத்துப் பார்த்தால் இன்னும் ஆழமான ஒரு செய்தி இருக்கிறது. ‘கட்டையில போறவனே’ என்றால் சீக்கிரம் சுடுகாட்டுக்குப் போகப்போகிறவனே என்று அர்த்தம். ‘எடுபட்டவன்’ என்பதும் ஏறக்குறைய அதுதான். சொல்வது யார்? அவன் போனால் பூவையும் பொட்டையும் இழக்கப்போகிறவள். நம் ஊரில் அந்த இழப்பு எவ்வளவு கொடியது என்பதை அவள் தன் அம்மாவிடமோ அத்தையிடமோ கண்ணால் கண்டிருப்பாள். பலித்துவிட்டால் முதலில் அழியப்போவது அவள்தான். கணவன் மனைவியை ‘மூதேவி’ என்று வைகிறான். அவள் மூதேவி என்றால் மூதேவி குடியிருப்பது அவன் வீட்டில். காய்ந்துபோவது அவன் வயல். இந்தச் சாபங்கள் எல்லாம் சாபமிடுகிறவர் தலையிலேயே வந்து விழும்படி அமைந்திருக்கின்றன. பூச்சந்தையில் அதைக் கேட்டவர்கள் சிரித்தது இதனால்தான். இது பலிக்க வேண்டும் என்று சொன்னவளே விரும்ப முடியாது என்பது அவர்களுக்கு யாரும் விளக்காமலே தெரிகிறது. வெளியிலிருந்து வருகிறவருக்கு இரண்டு தனி ஆட்கள் தெரிகிறார்கள். ஒருவர் இன்னொருவர் மேல் கல்லெறிகிறார். உள்ளே இருக்கிறவருக்குத் தெரிவது ஒரே கூரை.

இதற்கு உரிமை எங்கிருந்து வருகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. நம் பக்கத்தில் மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டுவது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. கட்டுவதற்கு முன்பே அவர்கள் முறைகாரர்கள். முறைகாரர்கள் என்றால் கேலி பேச உரிமை உள்ளவர்கள். ஒரு விதத்தில் பேசக் கடமைப்பட்டவர்கள். திருவிழாவில் முறைப்பையன்கள் மேல் பெண்பிள்ளைகள் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் துரத்தும்போது வாயில் வருவதெல்லாம் வசவுதான். ‘கருவாயா’, ‘ஓணான் மூஞ்சி’ என்று எட்டு வயதில் வைத்த பெயர் கல்யாணத்துக்குப் பிறகும் போவதில்லை. ராட்கிளிஃப் பிரௌன் என்ற மானிடவியலாளர் 1940-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இப்படிப்பட்ட கேலி உறவுகள் உலகின் பல சமூகங்களில் இருப்பதைக் காட்டினார். ஒருவர் கேலி செய்யலாம், மற்றவர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது அங்கெல்லாம் விதி. அதில் நட்பும் பகையும் சேர்ந்தே இருக்கின்றன, வேறு சூழலில் அதே சொற்கள் பகையை மூட்டிவிடும் என்றும் அவர் சொன்னார். நம் கிராமத்தில் இதை எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். அண்ணன் முறைக்காரன் ஒருத்தியைப் பார்த்து ‘கருவாச்சி’ என்று சொன்னால் அடி விழும். அத்தை மகன் சொன்னால் பதில் விழும்.

அந்தப் பதில்தான் இதில் முக்கியம். அதை நான் புரிந்துகொண்டது நாடகக் கொட்டகையில்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கோயில் திருவிழாவுக்கு இன்றும் ஸ்பெஷல் நாடகம் போடுகிற ஊர்கள் பல. புதுக்கோட்டை நகரிலேயே நாடக நடிகர் சங்கம் இருக்கிறது. அங்கே போய், முருகன் வேஷத்துக்கு ஒருவர், வள்ளிக்கு ஒருவர், நாரதருக்கு ஒருவர், பபூனுக்கு ஒருவர், டான்ஸுக்கு ஒருவர் என்று தனித்தனியாகப் பேசி முன்பணம் கொடுத்துவிட்டு வருவார்கள். அவர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து அன்று இரவுதான் மேடையில் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்தால் ஆரம்பம், முடியும்போது விடிந்திருக்கும். அதிகம் கேட்கப்படும் நாடகம், சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய ‘வள்ளி திருமணம்’. சுவாமிகள் 1922-ல் மறைந்தார். நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் வள்ளி தினைப்புனத்தை விட்டு இறங்கவில்லை.

கதை எல்லோருக்கும் தெரியும். பரண்மேல் நின்று ஆலோலம் பாடி வள்ளி குருவி விரட்டுகிறாள். முருகன் வேடனாக வருகிறான். தான் துரத்திவந்த மான் இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்கிறான். அங்கே தொடங்குகிறது தர்க்கம். அடுத்தவர் புனத்தில் நுழைந்த நீ எந்த ஊர் ஒழுங்கு கெட்டவன் என்பாள் அவள். காட்டில் வளர்ந்தவளுக்கு ஒழுங்கைப் பற்றி யார் சொல்லித் தந்தது என்பான் அவன். குலத்தை இழுப்பார்கள், புத்தியை இழுப்பார்கள், பேச்சில் இருக்கிற இலக்கணப் பிழையைக்கூட இழுப்பார்கள். பாதி சுவாமிகளின் பாட்டு. மீதி அந்த நிமிஷத்தில் நடிகர்கள் எடுத்து விடுவது. ஒரு மணி நேரம், சில இரவுகளில் அதற்கு மேலும் போகும். பாய் விரித்துப் படுத்திருந்த கிழவிகள் இந்த நேரத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

இவர்கள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்கள் என்பது சனத்துக்கு முதலிலேயே தெரியும். நாடகத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. அப்படியிருந்தும் விடிய விடிய உட்கார்ந்திருப்பது எதற்காக? முருகன் என்ன சொல்லி வைதான் என்பதற்காக இல்லை. அதற்கு வள்ளி என்ன பதில் கொடுத்தாள் என்பதற்காக. முருகன் வேஷக்காரர் பெரிய வித்வானாக இருந்து, வள்ளியாக வந்த பெண் புதுசாக, பதில் சொல்லத் தெரியாமல் விழித்துவிட்டால் அன்று தர்க்கம் படுத்துவிடும். அவர் எடுத்து விடுகிற கேலிக்குக் கூட்டம் முதலில் சிரிக்கும். அவள் இரண்டாம் முறையும் வாய் திறக்காவிட்டால் சிரிப்பு நின்றுபோகும். மூன்றாவதற்கு யாராவது எழுந்து, ‘போதும்யா, கதைக்கு வா’ என்று சத்தம் போடுவார். கேலியில் ஒரு சொல்கூட மாறியிருக்காது. எதிர்ப்பக்கத்தில் பதில் இல்லாமல் போனதால் காதல் காட்சி அங்கேயே சிறுமைக் காட்சியாக மாறிவிட்டது. முப்பது வருஷம் நாடகம் பார்த்த கிழவர்களுக்கு அந்த நொடி துல்லியமாகத் தெரிகிறது.

இதே நாடக உலகத்தை ஆராய்ந்த சூசன் சைசர் என்ற அமெரிக்கப் பெண்ணின் புத்தகம் 2005-ல் வெளிவந்தது. பபூனும் டான்ஸ்காரியும் புருஷன் பொண்டாட்டியாக வந்து ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளும் ‘அடிபிடி’ காட்சிக்கு அதில் ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். வீட்டு வன்முறையைப் பார்த்துக் கூட்டம், பெண்கள் உட்பட, எப்படிச் சிரிக்கிறது என்பது அவருடைய கேள்வி. ‘இவர்களுக்கு உணர்ச்சியே இல்லை’ என்று முடிவுகட்டிவிட்டுப் போகாமல் அந்தக் கேள்வியோடு உட்கார்ந்து யோசித்தாரே, அதற்காக அவரை மதிக்கிறேன். நம்மில் பலர் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

பதில் இருக்கிற இடத்தில் வசவு மனைவிக்கு ஒரு சலுகையாகவும் ஆகிறது. அன்றாடம் ‘நீங்க’, ‘வாங்க’, ‘சாப்பிடுறீங்களா’ என்று பேசுகிறவள் அவள். அவன் ‘நீ’ என்பான், ‘டி’ போடுவான். இந்த ஏற்றத்தாழ்வு சாதாரணப் பேச்சில் அவளுக்கு மாறாது. ஆனால் ‘போய்யா, கூறுகெட்ட மனுசா’ என்று சொல்கிற அந்த ஒரு வாக்கியத்தில் அவள் அவன் மட்டத்துக்கு வந்து நிற்கிறாள். அவன் அதைக் கேட்டுச் சிரிக்கிறான் என்றால் அந்த மட்டத்தை ஒப்புக்கொள்கிறான். அதனால்தான் வசவு நின்றுபோகும் நாள் வீட்டில் நல்ல நாளாக இருப்பதில்லை. உண்மையான கோபம் வந்துவிட்டால் எங்கள் பக்கத்துப் பெண்கள் மரியாதைக்கு மாறிவிடுவார்கள். ‘சோறு எடுத்து வச்சிருக்கு, வந்து சாப்பிடச் சொல்லு’ என்று பிள்ளையிடம் சொல்வாள். அவன் மூன்றடி தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பான். ‘அவுகளுக்குத் தெரியாததா, நான் என்ன சொல்றது’ என்று ஒரு வாக்கியம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரி கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்ப்பாள். வெளியூர்க்காரர் அதே வாக்கியத்தைக் கேட்டு, ‘எவ்வளவு மரியாதையான குடும்பம்’ என்று எண்ணியிருப்பார்.

இப்போது இந்தப் பேச்சில் பாதி கைப்பேசிக்குப் போய்விட்டது. இந்த மாவட்டத்து ஆண்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். ‘எரும, சாப்புட்டியா இல்லியா’ என்று வீடியோ காலில் கேட்கும்போது குரல் இருக்கிறது, முகம் இருக்கிறது, கடைசி எழுத்தை இழுக்கிற இழுவை இருக்கிறது. அதையே எழுத்தில் தட்டி அனுப்பினால் இழுவை போய்விடுகிறது. ‘எரும’ மட்டும் போய்ச் சேருகிறது. பன்னிரண்டு மணி நேரம் கட்டடத்தில் நின்றுவிட்டு டார்மிட்டரிக்கு வந்தவன் அதைப் படிக்கிறான். அன்று மேஸ்திரியும் அவனை அப்படித்தான் வைதிருப்பார். ஒரு நாள் முழுக்கப் பதில் வராது. இதை அனுபவித்துத் தெரிந்துகொண்ட பெண்கள் வசவை எழுதுவதில்லை. வாய்ஸ் மெசேஜில் மட்டும் வைகிறார்கள். சொல்லுக்குத் தனியாக உயிர் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

சாவு வீட்டிலும் இந்த வசவு வருகிறது. ஐம்பது வருஷம் ‘எடுபட்டவனே’ என்று வைதவள், உண்மையிலேயே அவரை எடுக்கிற அன்று ஒப்பாரியில் வேறு வசவுகளைத் தேடுகிறாள். பாவி, சண்டாளா, இப்படி விட்டுட்டுப் போனியே என்று வைகிறாள். அந்தப் பழைய சொல் மட்டும் அன்று வாயில் வராது. அது பலித்துவிட்டது, இனி அதைச் சொல்ல அவளால் ஆகாது.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். ‘எங்க ஊர்ல இப்படித்தான் பேசுவோம், இதெல்லாம் பாசம்’ என்ற வாதத்தை எடுத்துக்கொண்டு எத்தனையோ ஆண்கள் தப்பித்திருக்கிறார்கள். 2005-ல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், வாய்மொழியாலும் மனத்தளவிலும் செய்யும் கொடுமையையும் வன்முறையாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இழிவுபடுத்துவது, ஏளனம் செய்வது, பட்டப்பெயர் சொல்லி அழைப்பது எல்லாம் அதில் வருகின்றன. குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று சொல்லிக் காட்டுவதை அந்தச் சட்டம் தனியாகவே எடுத்துச் சொல்கிறது. எழுதியவர்களுக்கு நம் வீடுகள் தெரிந்திருக்கின்றன. நான் கேட்டவரைக்கும், பாசத்தோடு வைகிற தம்பதிகள் அந்த இடத்தைத் தொடவே மாட்டார்கள். ‘கழுத’, ‘எரும’, ‘கிறுக்கு’, ‘வெளங்காதவ’ எல்லாம் வரும். ‘மலடி’ வராது. அவள் பிறந்த வீட்டார் போட்ட நகை எவ்வளவு என்பது வராது. காலில் உண்மையிலேயே ஊனம் இருந்தால் ‘நொண்டி’ வராது. இல்லாத குறையைத்தான் வசவாக்குவார்கள். இருக்கிற புண்ணில் கை வைக்க மாட்டார்கள். யாரும் கற்றுக்கொடுக்காத இந்த எல்லையை ஒருவர் தாண்டினால் அன்றைக்குச் சிரிப்பு வராது.

ஆனால் சொற்களின் பட்டியலை மட்டும் வைத்து அளந்துவிட முடியாது. ‘கழுத’ என்ற சொல்லையே வைத்து ஒருத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லலாம். அந்தச் சட்டத்தில் இன்னொரு விளக்கமும் இருக்கிறது: ஒரு செயல் வன்முறையா இல்லையா என்பதை நிகழ்வுகளையும் சூழ்நிலையையும் மொத்தமாகப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். எனக்கு அது சட்ட வாக்கியமாக மட்டும் தெரியவில்லை; நல்ல பக்கத்து வீட்டுக்காரருக்கு வேண்டிய புத்தியாகத் தெரிகிறது. மூதேவி என்ற சாபம் சொல்கிறவன் வீட்டிலேயே விழும் என்று முன்னால் எழுதினேன். அது அவனுக்கும் இழப்பு இருக்கும்வரைதான் உண்மை. நிலம் அவன் பெயரில், சம்பளம் அவன் கையில், அவளை அனுப்பிவிட்டு அடுத்த மாசமே இன்னொருத்தியைக் கட்டித்தர ஆள் தயார் என்றால் அவனுடைய மூதேவியில் அவனுக்கு என்ன செலவு? அந்த வீட்டில் அதே வார்த்தை வேறு வார்த்தை.

அறந்தாங்கிப் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த ஒரு பஞ்சாயத்தைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். அந்தக் கணவன் மனைவி பேச்சுக்கு அந்தத் தெருவில் ஒரு புகழே உண்டு. அவன் ‘ஏ கழுத’ என்று தொடங்கினால், அவள் அடுப்படியிலிருந்தே, ‘கழுதயக் கட்டுனவன் யாருன்னு ஊரக் கேளு’ என்பாள். கேட்டவர்கள் அதை அடுத்த தெருவரைக்கும் கொண்டுபோய்ச் சொல்வார்கள். பிறகு அவள் தகப்பன் இறந்துபோனார். தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டு தனித்தனியாகப் போனார்கள். அவள் போய் நிற்க ஒரு வீடு இல்லாமல் ஆனது. அந்த வருஷம் இவர்களுக்குக் கடனும் ஏறியது. அவனுக்குக் குடி சேர்ந்தது. வார்த்தை எதுவும் மாறவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அதே கழுத, அதே எரும. தெரு அதைக் கேட்டுக்கொண்டு, ‘ஆரம்பிச்சுட்டாங்கய்யா’ என்று பழையபடி சிரித்தது. அவள் குரல் அந்தப் பேச்சில் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. மாதக்கணக்கில் அப்படியே போயிற்று.

ஒரு நாள் அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். கூட்டிவரப் பெரியவர்கள் போனார்கள். அவனும் போனான். அடித்தானா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். வேறு பெண்ணா என்றார்கள். இல்லை என்றாள். ‘வைகிறாரு’ என்றாள். பெரியவர்களில் ஒருவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

“ஏம்மா, அவன் இன்னிக்கு நேத்தா வையிறான்? கட்டுன நாள்லேருந்து ஒன்னைய கழுதன்னுதானே கூப்புடுறான். ஊருக்கே தெரியுமே. அப்பெல்லாம் சிரிச்சுக்கிட்டுத்தானே இருந்த?”

அவள் அவரைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“அதே வார்த்ததான் மாமா, இல்லேங்கல. அப்பல்லாம் நான் திருப்பி வைவேன்.”